ஏழு ஸ்கிரீன்ஷாட், ஒரு வாரக் கணக்கு

"டயரி ஆப்பில் எடுத்த ஏழு நாள் ஸ்கிரீன்ஷாட் இருக்கு. நாளுக்கு 1800 கலோரி, 90 கிராம் புரதம் இலக்கு. வாரத்துக்கு எப்படிக் கூட்டுவது?"

பல ஆப்களில் பெரிதாகத் தெரிவது மீதமுள்ள கலோரி, அதை விட்டுச் சாப்பிட்டதை மட்டும் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு படத்திலும் இரவுச் சாப்பாடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், கணக்கு கெடுவது இங்கேதான். 1750, 1820, 1690, 1900, 1780, 2150, கடைசி நாள் இரவு பதியாமல் 940 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,030, வார இலக்கான 12,600-க்குள் அடங்கியதுபோல் தோன்றும். அரைகுறை நாளை நீக்கினால் 11,090, ஆறால் வகுத்தால் 1848, அதாவது தினமும் 48 கூடுதல். புரதத்துக்கும் அதே ஆறு நாள்தான்: 456 கிராம் என்றால் நாளுக்கு 76, இலக்கைவிட 14 குறைவு. நான் முதலில் சரிசெய்வது இதைத்தான்: சோற்றைக் கொஞ்சம் குறைத்து இரண்டு முட்டை சேர்த்தால் சுமார் 12 கிராம் வந்துவிடும்.