விரதமும் சர்க்கரை மாத்திரையும்: கேள்வி–பதில்

கே: வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி இருந்தேன். மாத்திரையை மட்டும் (கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின்) காலையில் தவறாமல் போட்டுக்கொண்டேன். கோயில் வரிசையில் நிற்கும்போது வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததும் தெளிந்தது. மாலையில் வீட்டில் மறுபடியும் அதே கதை. ஏன்?

ப: 'தவறாமல்' போட்டதுதான் தவறு. விரதத்துக்கு மறுநாள் எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதேதான். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்காது. கிளிமிபிரைடு அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். அந்த வேலை ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நடக்கும். சர்க்கரைத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும், மாத்திரை கரையாது. அதனால்தான் மாலையில் திரும்ப வந்தது.

அந்த நேரத்தில் 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, கால் மணி கழித்து விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்கு மேல் ஏறியதும் இட்லியோ சோறோ சாப்பிட்டே ஆக வேண்டும். அன்று இரவும் ஒரு முறை பாருங்கள். 70-க்குக் கீழே போனாலோ 300-ஐத் தாண்டினாலோ விரதம் அத்தோடு முடிந்தது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். விரதத்துக்கு 2 வாரம் முன்பே மாத்திரை அட்டையோடு டாக்டரைப் பாருங்கள். அளவைக் குறைப்பதும் நேரத்தை மாற்றுவதும் அவர் வேலை.

கே: டைப் 1 உள்ள என் மகன் கந்த சஷ்டி விரதம் இருக்கிறான். சாப்பிடாத நாளில் ஊசி எதற்கு?

ப: ஊசியை அடியோடு நிறுத்தினால், கொழுப்பு எரிவதால் வரும் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறி ஐ.சி.யு.வில் கிடப்பான். வெறும் வயிற்றிலும் அடிப்படை இன்சுலின் வேண்டும். அவனுக்கு விரதமே வேண்டாம் என்பேன்.

கே: 7 மாதம். சஷ்டிக்குத் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கலாமா?

ப: கூடாது. கர்ப்பிணிக்குப் பட்டினியில் கீட்டோன் சீக்கிரம் ஏறும். தண்ணீரும் இல்லையென்றால் மயக்கம் வேறு. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் பேச்சே இல்லை. பாலும் பழமும் மட்டும் என்று 6 நாள் ஓட்டுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெங்காயம், பூண்டு சேர்க்காமல் பருப்புசாதம், தயிர், சுண்டல் என்று வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு முருகனைக் கும்பிடுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

கே: ரமலானில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தினால் நோன்பு முறியுமா?

ப: முறியாது. உங்கள் பள்ளிவாசல் இமாமிடமே கேளுங்கள். ஸஹர் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள்.

கே: விரதத்துக்கு ஜவ்வரிசி உப்புமா நல்லதுதானே?

ப: ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து. அரிசியை விட்டு இதற்கு ஓடுவதில் சர்க்கரைக்காரருக்கு லாபம் எதுவுமில்லை.

கே: சர்க்கரைக்குச் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று போடுகிறேன். விரதம் இருக்கலாமா?

ப: சின்னதாக, வெள்ளையாக எத்தனையோ மாத்திரைகள் இருக்கின்றன. அட்டையைத் திருப்பி, பெயரைப் பார்த்து எழுதுங்கள்.