பணிப்பதிவேட்டில் ஏறாத ஒரு வரி

"வக்கீல் அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரத்தில் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். தேர்வாணையப் பட்டியலில் எனக்குப் பின்னால் ரேங்க் வாங்கிய இரண்டு பேருக்கு ஐந்து மாசத்துக்கு முன்னால் உதவி செயற்பொறியாளராகப் பதவி உயர்வு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கேட்டால், கணக்குத் தேர்வு பாஸ் பண்ணாததால் பேனலில், அதாவது பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியலில், விட்டுப்போச்சு என்கிறார்கள். பேனலுக்குத் தகுதி நாள் 2024 ஏப்ரல் 1. நான் 2022 டிசம்பர் துறைத்தேர்விலேயே பாஸ். எழுதும்போது கோவில்பட்டியில் இருந்தேன், ரிசல்ட் வருவதற்குள் மாறுதலில் இங்கே வந்துவிட்டேன். அடுத்த பேனலில் சேர்த்துவிடுகிறோம், பேசாமல் இரும்மா என்கிறார்கள். சரி என்று விட்டுவிடலாமா?"

விடக் கூடாது, தங்கச்சி. அடுத்த பேனலில் சேர்த்தால் நீங்கள் இழப்பது ஒரு வருஷச் சம்பள வித்தியாசம் மட்டும் அல்ல. உதவி செயற்பொறியாளர் பதவியில் பணிமூப்பு, பேனலில் பெயர் நிற்கிற வரிசைப்படி அமைகிறது. முந்தின பேனலில் வந்த இரண்டு பேரும் அங்கே உங்களுக்கு மேலே போய்விடுவார்கள். பிறகு செயற்பொறியாளர் பேனல் போடும்போது, உதவிப் பொறியாளராக நீங்கள்தான் மூத்தவர் என்ற பேச்சு எடுபடாது.

உங்கள் விஷயத்தில் பணிமூப்பு வேறு, தகுதி வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பணிமூப்புக்கு அடிப்படை தேர்வாணையத்தின் தரவரிசை. ரேங்கைப் பார்க்காமல் இட ஒதுக்கீட்டு இனச்சுழற்சி வரிசைப்படி பணிமூப்பு வைக்க வழிசெய்த 2016ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால் கடைசியாக வெளியான பணிமூப்புப் பட்டியலில் உங்கள் பெயர் அந்த இரண்டு பேருக்கும் மேலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பணிமூப்பில் சண்டையே இல்லை. மிச்சம் இருப்பது தகுதி நாளில் நீங்கள் தேர்ச்சி பெற்றிருந்தீர்களா என்ற ஒரே கேள்வி.

தேர்வும் முடிவும் அந்த நாளுக்கு முன்பே வந்துவிட்டதால் விடை உங்கள் பக்கம். தகுதி நாளுக்குப் பிறகு நடந்த தேர்வில் பாஸ் ஆகியிருந்தால், ரேங்க் எவ்வளவு முன்னால் இருந்தாலும் அந்தப் பேனலைக் கேட்டு வழக்குப் போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது இளையவர் முந்துவது சட்டப்படி சரி.

தவறு எங்கே நடந்திருக்கும் என்பது நீங்கள் சொன்னதிலேயே தெரிகிறது. மாறுதலோடு உங்கள் பணிப்பதிவேடு அம்பாசமுத்திரம் வந்துவிட்டது. தேர்வு முடிவு வந்தபோது கோவில்பட்டி அலுவலகத்தில் பதிவேடு இல்லை. இங்கே இருக்கிறவர்களுக்கு நீங்கள் எழுதியதே தெரியாது. பேனல் போடுகிற மேலிடம் யாருடைய பதிவேட்டையும் புரட்டிப் பார்ப்பதில்லை. கோட்ட அலுவலகம் பதிவேட்டைப் பார்த்து நிரப்பி அனுப்புகிற விவரப் படிவத்தை வைத்துத்தான் முடிவு எடுக்கிறார்கள். அதில் "துறைத்தேர்வு" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தக் கோடுதான் உங்களைத் தகுதியில்லாதவர் ஆக்கியது.

ஆகவே முதல் வேலை அந்தப் பதிவு. தேர்வாணையம் வெளியிட்ட முடிவில் உங்கள் பதிவெண் இருக்கிற பக்கத்தையும் நுழைவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு செயற்பொறியாளரிடம் எழுத்தில் விண்ணப்பித்து, தேர்ச்சியைப் பதிவேட்டில் ஏற்றிக் கையொப்பம் வாங்குங்கள். தேர்வின் பெயர், எந்த மாதத் தேர்வு, பதிவெண், முடிவு வெளியான நாள் எல்லாம் அந்த வரியில் வர வேண்டும். களஞ்சியம் மின்பதிவேட்டிலும் ஏறியதா என்று பாருங்கள். இன்ஷியலோ பெயரின் எழுத்தோ நுழைவுச்சீட்டில் ஒரு மாதிரியும் பதிவேட்டில் ஒரு மாதிரியும் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பின்னால் அரசுத் தரப்பு பதில்மனுவில் அதைத்தான் பிடிப்பார்கள். பழைய தேதி போட்டு எழுதித் தருகிறேன் என்று யாராவது உதவிக்கு வந்தால் வேண்டவே வேண்டாம். இன்றைய தேதியில் ஏறினாலும் தேர்ச்சி பழையதுதான்.

அதே வாரத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். உங்களைப் பற்றி மேலிடத்துக்கு அனுப்பிய விவரப் படிவத்தின் நகல், ஒப்புதல் பெற்ற பேனல், உங்கள் பெயரை விட்டதற்கான காரணக் குறிப்பு, பதவி உயர்வு ஆணை, இந்த நான்கையும் கேளுங்கள். மற்ற இருவரின் ரகசிய அறிக்கையைக் கேட்காதீர்கள். அது தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், அதைச் சாக்காக வைத்து மொத்த மனுவும் இழுபடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

ஆணை கைக்கு வந்ததும் அதில் "தற்காலிகமாக" என்று இருக்கிறதா, எந்த விதியின்படி என்று வாசியுங்கள். அவசரத் தேவைக்காகக் கொடுத்த தற்காலிகப் பதவி உயர்வு பணிமூப்பு உரிமை தராது. அப்படி இருந்தால் உங்கள் வேலை பாதி சுலபம்.

அந்தப் பதிலுக்காகக் காத்திருக்காமல் முறையீட்டு மனுவை உரிய வழியாக, செயற்பொறியாளர் மூலம் மேலே அனுப்புங்கள். முன்நகல் ஒன்றை விரைவுத் தபாலில் நேராகவும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை வாசகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எனக்குப் பதவி உயர்வு வழங்க வேண்டும்" என்று எழுதினால் அடுத்த பேனலில் கொடுத்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். "2024 ஏப்ரல் 1ஐத் தகுதி நாளாகக் கொண்ட பேனலில், எனக்கு இளையவரான இன்னாருக்கு மேலே என் பெயரைச் சேர்த்து, அவர் பதவி உயர்வு பெற்ற நாளிலிருந்து எனக்கும் பதவி உயர்வும் பணிமூப்பும் ஊதிய நிர்ணயமும் வழங்க வேண்டும்" என்று எழுதுங்கள். இடையில் அடுத்த பேனலில் பெயர் வந்து ஆணை கொடுத்தால், மறுக்காமல் பணியில் சேருங்கள். முந்தின பேனல் குறித்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று சேரும் அன்றே எழுதிக் கொடுங்கள்.

இதில் எனக்குப் பெரிய கவலை காலம்தான். இளையவரை மேலே ஏற்றிவிட்டார்கள் என்ற குறையோடு வருகிறவர் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஒரு வருஷத்துக்குள் நீதிமன்றம் வந்திருக்க வேண்டும் என்று பி.எஸ். சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஐந்து மாதம் போய்விட்டது. நினைவூட்டுக் கடிதம் மேல் கடிதம் போட்டால் காலம் நீளாது. பழைய கோரிக்கைக்குப் பதில் வந்தாலும் அது புதிதாக வழக்குரிமை தராது என்று சி. ஜேக்கப் வழக்கில் 2008இல் தீர்ப்பு இருக்கிறது. முறையீட்டுக்கு ஒரு மாதம் பாருங்கள், பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி ரிட் மனு.

மனுவில் அந்த இரண்டு இளையவர்களையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தாக வேண்டும். கூட வேலை பார்க்கிறவர்கள், மனசு சங்கடப்படுவார்கள் என்று விட்டால், பாதிக்கப்படுகிறவர்களைக் கேட்காமல் ஆணை போட முடியாது என்று மனுவே தள்ளுபடியாகும். அவர்களைக் கீழே இறக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை, உங்களை உரிய இடத்தில் வைக்கத்தான் கேட்கிறீர்கள் என்பதை அவர்களிடம் நேரிலும் சொல்லிவிடுங்கள்.

நீதிமன்றம் "பதவி உயர்வு கொடு" என்று நேரடியாக ஆணையிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதவி உயர்வு உரிமை அல்ல. அதற்குப் பரிசீலிக்கப்படுவதுதான் அரசியலமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் அடிப்படை உரிமை. தேர்ச்சியைக் கணக்கில் எடுத்து அதே பேனலுக்கு மறுபரிசீலனை செய்யச் சொல்லி, கெடு வைத்து ஆணை வருவதுதான் வழக்கம். ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லையென்றால் அந்த மறுபரிசீலனையில் உங்களை விட்டுவிட இடமில்லை.

சம்பள நிலுவை மட்டும் உறுதியில்லை. வேலை பார்க்காத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்பார்கள். தன் தவறு இல்லாமல் நிர்வாகத்தால் தடுக்கப்பட்டவருக்கு அது அப்படியே பொருந்தாது என்று ஜானகிராமன் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்து வைக்கலாம். ஆனால் பணிமூப்பையும் கணக்கில் மட்டும் காட்டுகிற கருத்தியலான ஊதிய நிர்ணயத்தையும் மட்டும் கொடுத்து நிலுவைத் தொகையை மறுக்கிற ஆணைகளும் நிறைய உண்டு. அப்படி வந்தால், பணிமூப்பு கிடைத்த ஆணையைப் பணத்துக்காக மேல்முறையீட்டுக்கு இழுக்காமல் வாங்கிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.