மெட்டுக்குள் உட்காரும் தாலாட்டு

கேள்வி: "ட்விங்கிள் ட்விங்கிள் பாட்டைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். அர்த்தம் சரியாக இருக்கிறது, ஆனால் பாடவே வரவில்லை. எங்கே தவறு?"

பதில்:

சொல்லிலிருந்து தொடங்கியதுதான் தவறு. முதலில் மெட்டை எண்ணுங்கள். அந்தப் பாட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஏழு சுரம். முதல் ஆறும் ஒரே நீளம், ஏழாவது மட்டும் இரு மடங்கு. வரிகள் ஜேன் டெய்லர் 1806இல் வெளியிட்ட கவிதையிலிருந்து வந்தவை. மெட்டோ அதற்கும் முந்தைய பிரெஞ்சு மெட்டு.

தமிழில் எண்ணுவது சுலபம்: புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் போதும். யாப்பின் அசைக் கணக்கு இங்கே உதவாது. 'மணி' யாப்பில் ஓரசை, பாடும்போது இரண்டு சுரம் கேட்கும்.

"சின்னச் சின்ன நட்சத்திரம்" என்றால் எட்டு வந்துவிடும். அதோடு ட்ச, த்த இரண்டும் மூச்சை அடைத்துத் திறக்கும் ஒலிகள், தொட்டில் ஆட்டத்தில் இடறும். "மின்னும் மின்னும் விண்மீனே" என்று பாருங்கள்: மி, னு, மி, னு, வி, மீ, னே. சரியாக ஏழு. இடையில் நிற்கும் மெய்யெல்லாம் ன், ம், ண் என்ற மெல்லினம், வாயை மூடியே முனகலாம். 'லிட்டில்' போய்விட்டது, போகட்டும். விளிக்கிற 'னே'யிலேயே கொஞ்சல் வந்துவிடுகிறது.

அடுத்த வரி, "நீ யாரென்று வியக்கிறேன்" என்றால் மறுபடி எட்டு, க்க வேறு. நான் "யாரோ நீயும் சொல்வாயே" என்பேன். வியப்பு கேள்வியாக மாறுகிறது, ஆனால் னே, யே இரண்டும் ஒரே ஒலியில் முடிகின்றன.

பலரும் கவனிக்காத இடம் குறில். ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியை இழுத்துப் பாடினாலும் சொல் பெரும்பாலும் மாறாது. தமிழில் குறிலை இழுத்தால் அது நெடில், வேறு சொல். மெதுவான மெட்டில் 'படு' என்பது 'பாடு' ஆகிவிடும். தூங்கச் சொன்ன பாட்டு பாடச் சொல்லும். 'விடு' வீடாகும். ஆகவே நீண்ட சுரத்தில், முக்கியமாக வரியின் கடைசியில், நெடிலையோ ன், ம், ல் போல இழுக்க வரும் மெய்யில் முடிகிற சொல்லையோ வையுங்கள். குறில் வந்தே ஆகவேண்டுமானால், இழுத்தாலும் பொருள் கெடாத சொல்லாகப் பாருங்கள். 'அந்த' நீண்டு 'அந்தா' ஆனால் சேதமில்லை.

சுரம் மிஞ்சினால் பெயரடை தேடி நிரப்பாதீர்கள். ஆராரோ, கண்ணே இரண்டும் நம் தாலாட்டில் அதற்கென்றே இருப்பவை.

மெட்டுக்காகச் சொல்லை விடலாம், மாற்றலாம் என்பதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. படப் புத்தகத்தில் வைரம் வரைந்திருந்தால் வரியிலும் வைரம் வேண்டும், குழந்தை படத்தைத் தொட்டுக் காட்டும். நல்லவேளை, வைரம் மென்மையான சொல்தான்.

எழுதி முடித்ததும், வரிகளைப் பார்த்திராத ஒருவரிடம் மிக மெதுவாகப் பாடிக் காட்டி, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். அவர் வேறு சொல் எழுதிய இடத்தில் பெரும்பாலும் ஒரு குறில் நீண்டிருக்கும்.