ஐந்து ஃபண்டும் சேர்ந்து இறங்குவது ஏன்?

"ஐந்து லார்ஜ் கேப் ஃபண்டில் பிரித்துப் போட்டிருக்கிறேன். எல்லாமே ஒரே நாளில் இறங்குகிறதே?"

பெயர்தான் ஐந்து, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி லார்ஜ் கேப் ஃபண்ட் குறைந்தது 80% பணத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகளில் போட்டாக வேண்டும். பிறகு எப்படி வேறுபடும்?

ஒவ்வொன்றின் மாதாந்திர அறிக்கையிலும் முதல் 10 பங்குகளை எழுதி ஒப்பிடுங்கள். ஆறேழு பெயர் ஒத்துப்போனால் ஒரு ஃபண்டே போதும்.

பிரிக்க வேண்டியது முதலீட்டின் வகையை. 1 லட்சமும் பங்கில் இருந்து, சந்தை 30% இறங்கினால் 70,000 மிஞ்சும். 60,000 பங்கு, 25,000 வைப்புநிதி, 15,000 தங்கம் என்றிருந்து, மற்ற இரண்டும் அசையாவிட்டால் 82,000 மிஞ்சும். ஆனாலும் 18,000 போனது போனதுதான். ஏறும் சந்தையில் லாபமும் அதே அளவு குறையும்.

தங்கம் எப்போதும் எதிர்த்திசையில் போகும் என்றும் நம்ப வேண்டாம். 2020 மார்ச்சில் பங்கோடு சேர்ந்து அதுவும் சில நாள் சரிந்தது.