பதினொரு மணி நேர இடைத்தங்கல்: இலவச லவுஞ்சா, ஆறு மணி நேர அறையா?

கேள்வி: நானும் என் மனைவியும் வெளிநாடு செல்கிறோம். வழியில் இரவு 9.40க்கு இறங்கி, மறுநாள் காலை 8.40க்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். குறைந்த இடைவெளி உள்ள டிக்கெட்டை விட்டுவிட்டு இதை எடுத்ததில் ஒரு தொகை மிச்சமானது. விமான நிலையத்துக்குள் ஆறு மணி நேரத்துக்கு ஓர் அறை கிடைக்கிறது. ஆனால் அதற்கு மிச்சமானதில் பாதியைக் கேட்கிறார்கள். என் கிரெடிட் கார்டில் எனக்கு லவுஞ்ச் இலவசம். மனைவிக்கு மட்டும் அறைக் கட்டணத்தில் கால் பங்கு கட்டினால் போதும். லவுஞ்சிலேயே இரவைக் கழித்துவிடலாமா, அல்லது அறை எடுப்பதுதான் சரியா?

பதில்: அறையை எடுங்கள், லவுஞ்சைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைத்திருக்கும் விதத்தில் லவுஞ்ச் இரவு முழுவதும் கிடைக்காது என்பதுதான் இதற்கு முதல் காரணம்.

கார்டு வழியாகவோ தனிக் கட்டணம் செலுத்தியோ நுழையும் லவுஞ்சுகளில் ஒரு முறை நுழைந்தால் தங்குவதற்கான வரம்பு பெரும்பாலும் 3 மணி நேரம்தான். அது மட்டுமல்லாமல், உங்கள் அடுத்த விமானம் புறப்படுவதற்கு 3 மணி நேரத்துக்கு முன்னதாக வருபவர்களை உள்ளே விடுவதில்லை என்ற விதியையும் பல லவுஞ்சுகள் வைத்திருக்கின்றன. இடைத்தங்கல் பயணிகளுக்கு இதில் விலக்கு தரும் லவுஞ்சுகளும் உண்டு, தராதவையும் உண்டு. அந்த விதி கறாராக இருக்கும் இடமாக இருந்தால், காலை 5.40 வரை உங்களுக்குக் கதவு திறக்காது. இரவு 10.40க்கே உள்ளே விட்டாலும் 1.40க்கு வெளியே வர வேண்டும். தொடர்ந்து இருப்பதற்கு இன்னொரு நுழைவு கணக்கில் ஏறும். கார்டில் ஆண்டுக்கோ காலாண்டுக்கோ இத்தனை முறை என்று எண்ணிக்கை வைத்திருப்பார்கள் ஆகையால் உங்கள் இலவசமும் அங்கே கரையத் தொடங்கும். கூட்டம் நிறைந்துவிட்டால் கார்டு வைத்திருப்பவரைத் திருப்பி அனுப்பவும் லவுஞ்சுக்கு உரிமை இருக்கிறது. இரவில் மூடிவிடும் லவுஞ்சுகளும் பல உள்ளன.

இப்போது பணக் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த விகிதத்தை வைத்தே, மனைவியின் லவுஞ்ச் கட்டணத்தை 1 பங்கு என்று கொண்டால், அறை 4 பங்கு, டிக்கெட்டில் மிச்சமானது 8 பங்கு. அறைக்கு ஒட்டுமொத்தமாக ஒரே கட்டணம். லவுஞ்சுக்கோ தலைக்கு இவ்வளவு. இருவர் பயணம் செய்யும்போது இந்த வேறுபாடுதான் கணக்கையே மாற்றுகிறது. தனியாகச் செல்பவர் அதே 4 பங்கைத் தன் ஒருவர் தூக்கத்துக்காகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் கட்டணத்தை அறையில் இருக்கும் நேரத்தால் வகுப்பது தவறு. உண்மையில் தூங்கிய நேரத்தால் வகுக்க வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். 9.40க்கு விமானம் தரையிறங்குகிறது. இறங்கி, இடைத்தங்கல் பயணிகளுக்கான பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, முனையத்தின் உள்ளே அறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க 1 மணி நேரம் வையுங்கள். அறையை 11.30 முதல் காலை 5.30 வரை பதிவு செய்கிறீர்கள் என்று கொள்வோம். உள்ளே சென்று, குளித்து, மறுநாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்க 12 மணியாகிவிடும். கண் அயர 12.20. அலாரம் 5 மணிக்கு. ஆக ஆறு மணி நேரத்துக்குக் காசு கொடுத்தாலும் படுக்கையில் கழிவது 4 மணி 40 நிமிடம்தான். அதிலும் முழுவதும் தூக்கம் அல்ல. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாகவே இருக்கிறது என்பதைப் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். விமானத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற கவலையும் அதோடு சேர்ந்துகொள்ளும். எனவே 4 மணி நேரம் என்று எழுதிக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு. இருவருக்கும் சேர்த்து 8 மணி நேரத் தூக்கத்துக்கு 4 பங்கு. ஒரு மணி நேரத் தூக்கத்தின் விலை அரைப் பங்கு.

லவுஞ்சில் 3 மணி நேரம் கிடைத்தாலும் என்ன நடக்கும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், காசை மிச்சப்படுத்தும் ஆலோசகன் என்ற மிதப்பில், ஓர் இரவை லவுஞ்ச் நாற்காலியில் கழிக்க முயன்றேன். கைப்பிடி அகற்ற முடியாத நாற்காலி என்பதால் நீட்டிப் படுக்க வழியில்லை; தலைக்கு மேல் விளக்கு அணையவே இல்லை. ஒரு மணிக்கு மேல் தரையைச் சுத்தம் செய்யும் இயந்திரம் என் காலருகே மூன்று முறை வந்து போனது. பையின் வாரைக் காலில் சுற்றிக்கொண்டு கண் மூடியதால் யாராவது நடந்தாலே விழிப்பு வந்தது. கடைசியாக அசந்து தூங்கியபோது ஊழியர் ஒருவர் பணிவாகத் தோளைத் தொட்டு, நேரம் முடிந்துவிட்டது என்றார். மொத்தத்தில் ஒரு மணி நேரம் தூங்கியிருப்பேன்.

உங்களுக்கும் அதே ஒரு மணி நேரம் என்றால், இருவருக்கும் 2 மணி நேரத் தூக்கத்துக்கு 1 பங்கு ஆகிறது. மணிக்கு அரைப் பங்கு! அறையின் அதே விலைதான். உங்கள் நுழைவு இலவசமாக இருந்தும் இந்த நிலை. அதற்கும் கட்டியிருந்தால் லவுஞ்ச் தூக்கம் இரு மடங்கு விலையாகியிருக்கும். மேலும் அந்த 'இலவசம்' என்பதற்குள் கார்டின் ஆண்டுக் கட்டணம் ஒளிந்திருக்கிறது. லவுஞ்சுக்காகவே அந்தக் கார்டை வைத்திருந்தால், ஆண்டுக் கட்டணத்தை ஓர் ஆண்டில் உண்மையில் பயன்படுத்திய நுழைவுகளால் வகுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டே முறை பயணம் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் அது வெளியே வாங்கும் நுழைவுக் கட்டணத்தைவிட அதிகமாகவே வரும்.

விலை சமம் என்றால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி அல்ல. தூக்கம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடங்களாகச் சுழல்கிறது. நான்கு மணி நேரத்தில் இரண்டு சுற்று முழுமையாக முடிந்து மூன்றாவதிலும் பெரும்பகுதி கிடைக்கும். ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில்தான் அதிகம் வருகிறது என்பதால் உடலுக்கு மிகவும் வேண்டியது அதற்குள் வந்துவிடும். துண்டு துண்டான ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்றுகூட முடியாது. எனினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நான்கு மணி நேரத்தால் ஓர் இரவின் கடன் முழுவதும் தீராது. போய்ச் சேர்ந்த அன்று வாடகைக் கார் ஓட்டுவது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது போன்றவற்றை வைத்துக்கொள்ளாதீர்கள். எழுந்தவுடன் முதல் அரை மணி நேரம் மந்தமாக இருக்கும் என்பதால்தான் அலாரத்தை 5.30க்கு வைக்காமல் 5க்கு வைக்கச் சொன்னேன்.

பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அந்த அறை எல்லைச் சோதனைக்கு உள்ளேயா வெளியேயா என்பது. சிங்கப்பூர் சாங்கி, தோஹா, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் போன்ற நிலையங்களில் குடியேற்றச் சோதனையைக் கடக்காமலேயே அடையக்கூடிய விடுதிகள் உள்ளன. வேறு பல நிலையங்களில் 'விமான நிலைய ஹோட்டல்' என்ற பெயரில் இருப்பது வெளிப்புறத்தில் இருக்கும். அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. இஸ்தான்புல் நிலையத்தில் ஒரே விடுதிக்கு உள்ளேயும் வெளியேயும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. தவறான பகுதியில் பதிவு செய்துவிட்டால் பணம் போனதுதான். இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்து, பெட்டிகளுக்குக் கடைசி ஊர் வரை சீட்டு ஒட்டியிருந்தால்தான் நீங்கள் உள்ளேயே இருந்துவிட முடியும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் பெட்டியை எடுக்க நீங்களே வெளியே வர வேண்டியிருக்கலாம். அப்போது உள்ளே இருக்கும் அறையால் பயனில்லை.

நேரத் தேர்விலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இவ்வகை அறைகளில் நீங்கள் பதிவு செய்த நேரத்திலிருந்துதான் மணி ஓடும். விமானம் தாமதமானால் இழப்பு உங்களுடையது. 10.40க்கே அறையை அடைந்துவிடலாம் என்றாலும் 11.30 என்று நான் எழுதியது அந்த 50 நிமிடத்தைக் காப்பாக வைப்பதற்காகத்தான். ரத்து செய்யும் வசதியுள்ள கட்டணம் சற்றே கூடுதலாக இருந்தாலும், முதல் விமானம் அடிக்கடி தாமதமாகும் தடமாக இருந்தால் அதையே எடுப்பேன். அதற்கும் முன்னால் விமான நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: நீண்ட இடைத்தங்கலுக்கு விடுதி தருகிறார்களா? சில நிறுவனங்கள் தருகின்றன. ஆனால் அன்று அதைவிடக் குறைந்த இடைவெளியில் இணைப்பு விமானம் இல்லாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். நீங்கள் விலைக்காக நீண்ட இடைவெளியை விரும்பி எடுத்தவர் என்பதால் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. கேட்பதற்குச் செலவில்லை.

இதுவே ஏழு மணி நேர இடைத்தங்கலாக இருந்திருந்தால் அறை வேண்டாம் என்றிருப்பேன். இறங்கியதும் ஒரு மணி, புறப்படும் முன் ஒரு மணி, குளித்துப் படுத்து எழுவதில் ஏறக்குறைய ஒன்றரை மணி என்று கழித்தால், ஆறு மணி நேரக் கட்டணத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்க முடியும். புறப்பட்ட ஊரின் கடிகாரப்படி அது பகல் நேரமாக இருந்துவிட்டால் அதுவும் வராது. அப்படிப்பட்ட இடைவெளிக்கு லவுஞ்சும், அங்கே ஒரு குளியலும் போதும்.

உங்கள் திட்டத்தில் காலை 5.30க்கு அறையைவிட்டு வெளியே வருகிறீர்கள், 8.40க்கு விமானம் என்பதால் 5.40க்கு லவுஞ்சின் 3 மணி நேர வரம்பும் திறந்துவிடும். ஏறும் வாயிலுக்கு 7.50க்குப் போனால் போதும். அதுவரை இரண்டு மணி நேரம் காலை உணவோடு உட்காரலாம். இதற்கு மனைவியின் 1 பங்கையும் சேர்த்தால் மொத்தச் செலவு 5 பங்கு. மிச்சமான 8இல் 3 பங்கு இன்னும் கையில் இருக்கும். அந்தக் காலை உணவு 1 பங்கு பெறுமா என்று கணக்குப் பார்த்து, பெறாது என்று தோன்றினால் இருவரும் வெளியே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு இருந்தால் அதற்கும் இலவச நுழைவு உண்டா என்று வங்கியிடம் இப்போதே கேளுங்கள். விருந்தினர் கட்டணம் லவுஞ்ச் வாசலில் வசூலிக்கப்படாமல், அயல்நாட்டு நாணயத்தில், மாற்றுக் கட்டணமும் வரியும் சேர்ந்து பின்னர் வரும் அறிக்கையில் ஏறுவது வழக்கம். நீங்கள் சொன்ன கால் பங்கில் இவை அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். அறைக்குக் கார்டைத் தேய்க்கும்போது உங்கள் நாட்டு நாணயத்தில் எடுக்கட்டுமா என்று இயந்திரம் கேட்டால், வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.