கேஸா, இண்டக்‌ஷனா: ஒரு வேளைச் சமையலுக்கு எதில் காசு குறைவு? கேள்வி பதில்

நாங்கள் மூன்று பேர். கேஸ் மலிவா, இண்டக்‌ஷன் மலிவா? ஒரே வரியில் சொல்லுங்கள் அக்கா.

ஒரு கிலோ கேஸ் விலையை 8-ஆல் வகுங்கள். வருகிற தொகையைவிட உங்கள் கரண்ட் யூனிட் மலிவு என்றால் இண்டக்‌ஷன், இல்லையென்றால் கேஸ்.

அந்த 8 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் எல்லாக் கேள்விக்கும் அதுதான் அடிப்படை. ஒரு கிலோ சமையல் கேஸுக்குள் ஏறத்தாழ 12.8 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. வீட்டு அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று அதிகம்தான் பாத்திரத்துக்குள் போகும், மீதி பாத்திரத்தின் ஓரமாக மேலே ஏறிச் சமையலறையைச் சூடாக்கும். 55 சதவீதம் என்று வைத்தால் 7 யூனிட் உணவுக்குப் போகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் உள்ளே போகும் என்பதால், அதே 7 யூனிட் வெப்பத்துக்கு மீட்டரில் 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஓடும்.

உங்கள் பழக்கத்தைப் பொறுத்து அது 7 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். பெரிய பர்னரில் சின்னப் பாத்திரம் வைப்பவர்களுக்கு 7 பக்கம் வரும். அகலமான பாத்திரம், அடங்கிய தீ என்று சமைப்பவர்களுக்கு 9 பக்கம் போகும்.

இண்டக்‌ஷன் 90 சதவீதம், கேஸ் 40 சதவீதம் என்று படித்தேன். அப்படியென்றால் செலவு பாதிக்கும் கீழேதானே வரும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

முதல் பாதி ஏறக்குறைய சரி, கேஸை வீணாக எரிக்கிற வீடுகளில் 40-கூட வரும். ஆனால் அந்தச் சதவீதம், வாங்கிய வெப்பத்தில் எவ்வளவு பாத்திரத்துக்குள் போனது என்பதை மட்டும்தான் சொல்கிறது. வாங்கும்போது கேஸ் வெப்பத்துக்கு ஒரு விலை, கரண்ட் வெப்பத்துக்கு வேறு விலை. கரண்ட் வெப்பம் ஒரு யூனிட்டுக்கு மூன்று மடங்கு விலை என்றால், இரண்டு மடங்கு திறமையான அடுப்பு வைத்திருந்தும் கையை விட்டுத்தான் போகும். அதனால்தான் விலையை 8-ஆல் வகுக்கச் சொன்னேன். திறமையும் விலையும் சேர்ந்தே அதற்குள் வந்துவிடுகின்றன.

என் அடுப்பில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. சமையல் ஒரு மணி நேரம். அப்படியானால் வேளைக்கு 2 யூனிட், நாளுக்கு 6 யூனிட். கட்டுப்படியாகாது போலிருக்கிறதே மேடம்?

2000 என்பது அந்த அடுப்பு அதிகபட்சமாக இழுக்கக்கூடியது. ஒரு மணி நேரமும் யாரும் அப்படி ஓட்டுவதில்லை, ஓட்டினால் எல்லாம் தீய்ந்துவிடும்.

இரண்டு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோவதைப் பாருங்கள். தண்ணீருக்குத் தேவை 0.174 யூனிட். இண்டக்‌ஷன் மீட்டரில் 0.2 யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும், 1800 வாட்டில் 7 நிமிடத்துக்குள் முடியும். அதே வேலைக்குக் கேஸ் சுமார் 25 கிராம். கொதித்தபின் அடுப்பைக் குறைத்துவிடுவீர்கள், அப்புறம் சராசரியாக 500, 600 வாட் போதும். மூன்று பேருக்கான ஒரு முழு வேளை இப்படிக் கூட்டினால் அரை யூனிட்டிலிருந்து முக்கால் யூனிட்டுக்குள்தான் வரும். நாளுக்கு 2 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், 6 அல்ல.

சரி அக்கா, எங்கள் வீட்டுக் கணக்கையே போட்டுக் காட்டுங்களேன். 10 கிலோ கேஸ் 40 நாள் வருகிறது. கரண்ட் ஏற்கெனவே மாதம் 150 யூனிட். 200 யூனிட் வரை ஒரு விலை, அதற்கு மேலே போகிற யூனிட்டுக்கு விலை அதிகம்.

நல்ல கேள்வி, பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். விலையை நீங்கள் சொல்லவில்லை, அதனால் கணக்குக்காக மட்டும் ஒரு விலை வைக்கிறேன்: கேஸ் கிலோ 80, கரண்ட் 200 வரை யூனிட் 8, அதற்கு மேல் 12. உங்கள் காசில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளுக்கு கால் கிலோ கேஸ், 30 நாளுக்கு 7.5 கிலோ, செலவு 600. மாதம் 90 வேளை, ஆக வேளைக்கு 6.67.

முழுவதையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றினால் 7.5 கிலோவுக்கு 60 யூனிட். உங்கள் 150-க்கு மேல் 50 யூனிட் 8 விலையில் போகும், கடைசி 10 யூனிட் 12 விலையில் போகும். மொத்தம் 520, வேளைக்கு 5.78. மாதம் 80 மிச்சம்.

ஆனால் கிலோ 80-ஐ 8-ஆல் வகுத்தால் 10. அந்தக் கடைசி 10 யூனிட்டின் விலை 12, அதாவது கேஸைவிட அதிகம். அதை மட்டும் கேஸிலேயே விட்டுவிடுங்கள். 50 யூனிட் மட்டும் இண்டக்‌ஷனில் சமைத்தால் கரண்ட் செலவு 400, கேஸில் மிச்சமாவது 6.25 கிலோ, அதாவது 500. இப்போது மாத மிச்சம் 100. முழுதாக மாறியதைவிட இதில் கூடுதல்.

இதே குடும்பம் ஏற்கெனவே 200 யூனிட்டைத் தாண்டியிருந்தால், 60 யூனிட்டும் 12 விலையில் போய் 720 ஆகும். கேஸைவிட மாதம் 120 நஷ்டம். ஒரே அடுப்பு, ஒரே சமையல், பக்கத்து வீட்டில் லாபம், உங்கள் வீட்டில் நஷ்டம் என்று வருவது இப்படித்தான். பில்லில் உள்ள மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுக்காதீர்கள். சமையலால் கூடுகிற யூனிட் எந்த விலைப்படியில் விழுகிறது என்று பாருங்கள். சில இடங்களில் ஒரு எல்லையைத் தாண்டினால் அத்தனை யூனிட்டுக்கும் விலை கூடிவிடும். அங்கே அந்த எல்லையைத் தொடாமல் நிறுத்துவதுதான் கணக்கு.

எங்களுக்குச் சிலிண்டர் இல்லை, குழாய் கேஸ். இந்த 8 எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அது வேறு வாயு, கிலோவில் இல்லாமல் கன மீட்டரில் வரும். ஒரு கன மீட்டர் விலையை 6-ஆல் வகுங்கள். மற்றதெல்லாம் அதேதான்.

என்னிடம் கண்ணாடி மேல்தட்டு அடுப்பு இருக்கிறது, எந்தப் பாத்திரமும் வைக்கலாம். நான் ஆறு மாதமாக இண்டக்‌ஷன்தான் பயன்படுத்துகிறேன், மிச்சம் ஒன்றும் தெரியவில்லை.

எந்தப் பாத்திரமும் சூடாகிறது என்றால் அது இண்டக்‌ஷன் அல்ல. கண்ணாடிக்கு அடியில் கம்பி பழுத்து வெப்பம் தருகிற இன்ஃப்ராரெட் அடுப்பாக இருக்கும். பாத்திரத்தை எடுத்த பின்னும் உள்ளே சிவப்பாகத் தெரிகிறதா என்று பாருங்கள். இண்டக்‌ஷனில் கண்ணாடி தானாகச் சூடாவதில்லை, பாத்திரத்தின் அடிதான் சூடாகி அதைச் சுட வைக்கிறது. உங்கள் அடுப்பில் கண்ணாடியையும் சேர்த்துச் சூடாக்க வேண்டியிருப்பதால் அதே சமையலுக்குக் கரண்ட் கூடுதலாகப் போகும். உங்கள் அடுப்புக்கு 8 என்ற கணக்கை எடுக்க வேண்டாம்.

பாத்திரம் எல்லாம் புதிதாக வாங்க வேண்டுமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

சேர்க்கவில்லை, நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. முதலில் ஒரு காந்தத்தை எடுத்து உங்கள் பாத்திரங்களின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டுவதெல்லாம் வேலை செய்யும். லேசாக ஒட்டுவது ஓடும், ஆனால் சூடு மந்தமாக ஏறும். அடி மேடு பள்ளமாக இருந்தாலும், மிகச் சிறியதாக இருந்தாலும் சரிப்படாது.

அப்புறம் அடுப்பும் பாத்திரமும் சேர்ந்த விலையை மாத மிச்சத்தால் வகுங்கள். மேலே சொன்ன வீட்டில் மிச்சம் 100, வாங்கும் செலவு 4000 என்றால் 40 மாதம். மூன்று வருடத்துக்கு மேல். இருக்கிற பாத்திரம் ஏற்கெனவே ஒட்டி, வாங்கும் செலவு 2000 ஆகக் குறைந்தால் அது 20 மாதமாகக் குறையும். வீட்டில் இருப்பதை வைத்தே ஆரம்பிப்பதுதான் என் விருப்பம்.

நான் அளந்தே பார்த்தேன். முன்பு நாளுக்கு 400 கிராம் கேஸ், இப்போது முழுக்க இண்டக்‌ஷனில் 4 யூனிட். கிலோவுக்கு 10 வருகிறது, உங்கள் 8 தப்பு அக்கா.

அளந்து பார்த்ததற்கு முதலில் நன்றி தம்பி. எப்படி அளந்தீர்கள்?

சிலிண்டரை உடல் எடை பார்க்கும் தராசில் வைத்தேன், ஒரு நாள் இடைவெளியில். கரண்டை வீட்டு மீட்டரில் பார்த்தேன்.

அந்தத் தராசு பெரும்பாலும் 100 கிராமுக்குக் கீழே காட்டாது. இரண்டு முறை எடை பார்த்துக் கழித்ததால், 400 என்று வந்தது 300 ஆகவும் இருக்கலாம், 500 ஆகவும் இருக்கலாம். ஒரு வாரம் விட்டு எடுத்தால் அந்தத் தடுமாற்றம் கரைந்துவிடும். வீட்டு மீட்டரில் ஃபிரிட்ஜும் சேர்ந்து ஓடியிருக்கும். பிளக்கில் செருகுகிற சின்ன மீட்டர் ஒன்று போட்டுப் பாருங்கள். அடுப்பு இழுக்கிற ஆம்பியரை அது தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆனால் உங்கள் 10 நடக்கவே முடியாதது என்று சொல்லமாட்டேன். கேஸை நன்றாக 60 சதவீதத்தில் எரித்து, இண்டக்‌ஷனில் பொருத்தமில்லாத பாத்திரம் வைத்து 80-க்கு இறங்கினால் 9.6 வரும். இரண்டாவது அளவை வந்த பிறகு பேசுவோம்.

எதுவும் மாற்ற முடியாது, வாடகை வீடு, பழைய ஒயரிங். இருக்கிற கேஸிலேயே வேளைச் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு, உங்கள் நிலைமையில் பழைய ஒயரிங்கில் 2000 வாட் போடாமல் இருப்பதே சரி.

கொதி வந்த பிறகு தீயைக் குறையுங்கள். கொதிக்கிற தண்ணீர், தீ பெரிதானாலும் சிறிதானாலும் அதே 100 டிகிரிதான். பெரிய தீ வேகத்தைக் கூட்டாது, தண்ணீரை ஆவியாக்கும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைப்பதைப்போல 7 மடங்கு வெப்பம் அதை முழுக்க ஆவியாக்கத் தேவை. மூடாத பாத்திரத்தில் கால் லிட்டர் வற்றிப்போனால், ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்ததைவிட அதிகக் கேஸ் அதற்கே போயிருக்கும். மூடி போட்டு, லேசாகக் கொதி அசைகிற அளவுக்குத் தீ வைத்தால் போதும். வற்ற வைக்கவேண்டிய பண்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

இன்னொன்று, தீ பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறக்கூடாது. நீலமாக இருக்கவேண்டிய தீ மஞ்சளாக எரிந்து பாத்திர அடியில் கரி பிடித்தால், பர்னர் துளைகளில் அடைப்பு இருக்கிறதா, காற்று சரியாகக் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் சிலிண்டரை ஒப்படைத்துவிட்டு முழுக்க மாறலாமா?

நான் மாறமாட்டேன். ஒப்படைத்தால் இணைப்புக்கான மாதக் கட்டணம் ஏதாவது இருந்தால் அது மிச்சமாகும், ஆனால் ஒரு வேளை வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் பல வேளை மிச்சம் போய்விடும். இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்கிட்டது, 1800 வாட்டைத் தாங்காது.