ஷிப்ட் அலவன்ஸ் நோட்டீஸில் தேதிதான் சிக்கல்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் எங்கள் ஆலையில் இரவு ஷிப்ட் அலவன்ஸ் ஜூலை 1 முதல் 60 ரூபாயிலிருந்து 90 ஆகிறது. சர்க்குலர் தாமதமாக வந்ததால் வித்தியாசம் ஆகஸ்ட் சம்பளத்தில் சேரும். தமிழ்த் தொழிலாளர்களுக்கு எளிமையாக எப்படி எழுதுவது?

தொகை எல்லோருக்கும் புரிந்துவிடும், தகராறு வருவது தேதியில்தான். ஜூன் 30 இரவு 10 மணிக்கு உள்ளே போனவர் ஜூலை 1 காலை 6 மணிக்குப் பஞ்ச் அடித்து வெளியே வருவார், 90 கேட்பார். நள்ளிரவுக்குப் பிந்தைய வேலையும் முந்தைய நாள் கணக்கில் சேருவதுதான் ஆலை வழக்கம். டைம் ஆபீஸில் ஒருமுறை கேட்டுக்கொண்டு இப்படி எழுதுங்கள்:

"ஜூலை 1 இரவு 10 மணிக்குத் தொடங்கும் ஷிப்டிலிருந்து ஓர் இரவுக்கு 90 ரூபாய். ஜூன் 30 இரவு வந்தவர்களுக்கு அந்த இரவுக்குப் பழைய 60தான். வேலைக்கு வந்த இரவுக்கு மட்டுமே உண்டு, லீவுக்குக் கிடையாது. ஜூலைக்குச் சேர வேண்டிய மீதிப் பணம் ஆகஸ்ட் சம்பளத்தில் வரும். 12 இரவு வந்தவருக்கு 12 × 30 = 360 ரூபாய்."

'நிலுவை' என்று மட்டும் போடாதீர்கள். நான் ஒருமுறை அப்படி ஒட்டினேன். ஏதோ பிடித்தம் என்று நினைத்து லோடிங் ஆட்கள் நாலு பேர் மேஜைக்கே வந்துவிட்டார்கள்.